ஊரில் எடைக் குறைப்பு ஊசியைத் தொடங்கிவிட்டு லண்டன் திரும்பலாமா?

ஊருக்குப் போனால் பல்லையும் கண்ணையும் காட்டி, முழு உடல் பரிசோதனையும் முடித்துக்கொண்டு வருவது நம் ஆட்களின் வழக்கம். இப்போது அந்தப் பட்டியலில் எடைக் குறைப்பு ஊசியும் சேர்ந்துவிட்டது. காரணம் விலைதான். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற எடைக் குறைப்பு ஊசி இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒரு குப்பி. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனில் பட்டியல் விலை எகிறி, அதன் 15 மி.கி. ஊசிப் பேனா ஒரு மாதத்துக்கு 122 பவுண்டிலிருந்து 330 ஆனது. சென்னையில் தொடங்குவது சுலபம். ஆனால் இது தொடர்ந்து போட்டுக்கொள்ளும் மருந்து. மூன்று, நான்கு வார விடுமுறைக்குள் அடங்காது.

சாப்பிட்டதும் நம் குடல் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்வதும், இரைப்பை காலியாவதைத் தாமதிப்பதும் அதன் வேலை. இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். வீகோவி என்ற இன்னொரு ஊசியில் உள்ள செமாக்ளுடைட் அதைப் போலவே நடந்துகொண்டு, பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும். மௌஞ்சாரோவில் உள்ள டிர்செபடைட் ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அது பாதியாக ஐந்து நாள். வாரம் ஒரு ஊசி போதும் என்பது இதனால்தான். கொழுப்பை இது நேரடியாகக் கரைப்பதில்லை. பசி அடங்குகிறது, சாப்பாடு குறைகிறது, எடை இறங்குகிறது.

டிர்செபடைட்டின் முதல் நான்கு வாரம் 2.5 மி.கி. அது வயிற்றைப் பழக்குவதற்கான அளவு, எடையைக் குறைப்பதற்கானது அல்ல. பிறகு 5 மி.கி. தேவைப்பட்டால் குறைந்தது நான்கு வார இடைவெளியில் 2.5 கூட்டிக்கொண்டே போகலாம், உச்சம் 15. ஆக, விடுமுறை முடியும்போது நீங்கள் சிகிச்சையின் வாசற்படியில்தான் நிற்பீர்கள். 'மூணு வாரத்துல ஒண்ணும் குறையலையே' என்று அளவைக் கூட்டச் சொல்லி டாக்டரை நச்சரித்தால் வாந்திதான் மிஞ்சும்.

யாருக்கு இது? உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. 30-ஐத் தொட்டவர்களுக்கு, அல்லது 27-ஐத் தொட்டு, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை போன்ற ஏதாவது இருப்பவர்களுக்கு. 165 செ.மீ. உயரமுள்ளவர் என்றால் முறையே 82 கிலோ, 74 கிலோ. கல்யாண ஆல்பத்துக்காக ஐந்து கிலோ குறைக்க நினைப்பவருக்கு இது இல்லை. குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் கூடவே கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் டிர்செபடைட்டை ஒரு மாதம் முன்பும், செமாக்ளுடைட்டை இரண்டு மாதம் முன்பும் நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு டிர்செபடைட் தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவு கூட்டும்போதும் நான்கு வாரம் மாற்று ஏற்பாடு வேண்டும். இதை நினைவூட்டாமல் அனுப்பும் கிளினிக்குகள் உண்டு, நீங்களே கேளுங்கள். கிளிமெபிரைட் என்ற மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் அதன் அளவைக் குறைக்காமல் ஊசியைத் தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

நல்ல டாக்டர் முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுத்துவிட மாட்டார். சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு, கொழுப்புப் பரிசோதனைகள் கேட்பார். பித்தப்பைக் கல் சந்தேகம் இருந்தால் ஸ்கேனும் கேட்பார். ஊரில் இவையெல்லாம் ஓரிரு நாளில் முடிந்துவிடும், இந்தச் சேவையில் குறை சொல்ல முடியாது. எடை மட்டும் பார்த்து, பத்து நிமிடத்தில் சீட்டு நீட்டினால் வேறு இடம் பாருங்கள்.

குப்பியில் வாங்குபவர்கள் சிரிஞ்சில்தான் ஏமாறுகிறார்கள். ஒரு குப்பியில் ஒரு வார மருந்து, 0.5 மி.லி. ஊரில் மருந்துக்கடையில் இன்சுலின் சிரிஞ்ச் கேட்டால் இரண்டு வகை வரும். சிவப்பு மூடி யூ-40, ஆரஞ்சு மூடி யூ-100. அந்த 0.5 மி.லி. சிவப்பு மூடியில் 20-வது கோடு, ஆரஞ்சு மூடியில் 50-வது கோடு. '20 வரைக்கும் இழுங்க' என்று ஒருவர் சொல்ல, கையில் ஆரஞ்சு மூடி இருந்தால் 0.2 மி.லி.தான் ஏறும், மருந்தில் பாதிகூட இல்லை. கோட்டு எண்ணை நம்பாமல் மி.லி. கணக்கில் கேளுங்கள். 5 மி.கி. குப்பியை இரண்டு வாரத்துக்குப் பங்கு போட்டு மிச்சம் பிடிக்கும் யோசனையும் வேண்டாம். அதில் கிருமி சேராமல் காக்கும் சேர்மானம் கிடையாது.

அடுத்தது வெயில். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. குப்பி வெளியே இருந்தால் 30 டிகிரிக்கு உட்பட்டு 21 நாள் தாங்கும், ஆனால் மே மாதத் திருச்சியில் 30 டிகிரி எங்கே கிடைக்கும்? கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று பாருங்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்தால் உறைந்துபோகும், நடுவில் துணி சுற்றுங்கள். ஒருமுறை உறைந்த மருந்தைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டும் கூடவே. பெட்டியில் போட்டு அனுப்பினால் சரக்கறைக் குளிரில் உறைய வாய்ப்புண்டு.

ஊசி போட்ட வாரத்தில் கல்யாண விருந்தோ பிரியாணியோ இருந்தால் பாதியில் எழுந்துவிடுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் எண்ணெய்ச் சாப்பாடு அங்கேயே தங்கி, அழுகிய முட்டை வாடை ஏப்பமும் குமட்டலுமாக முடியும். வெயிலில் வாந்தி தொடர்ந்தால் நீர் வற்றி சிறுநீரகத்தைப் பாதிக்கும். முதுகுக்குப் பரவும் கடுமையான மேல்வயிற்று வலி வந்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி, நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. டிர்செபடைட்டை வைத்து நடந்த சர்மவுண்ட்-4 ஆய்வை 100 கிலோ ஆளின் கணக்காகப் பார்ப்போம். 36 வாரத்தில் சராசரியாக 20.9 சதவீதம் குறைந்தது. அதாவது 79 கிலோ. அதற்குப் பிறகு ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிக்கு வெற்று ஊசி. ஓராண்டு கழித்து மருந்து தொடர்ந்தவர் 75 கிலோவுக்கு வந்திருப்பார். வெற்று ஊசிக்காரர் 90-க்கு ஏறியிருப்பார். செமாக்ளுடைட் ஆய்விலும் இப்படித்தான், நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது.

இது மனக்கட்டுப்பாட்டுக் குறைவு அல்ல. எடை குறையும்போது கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது. உடம்பு செலவழிக்கும் ஆற்றலும் குறைகிறது. குறைந்த எடையில் கால்பங்கு அளவு தசையாகவும் இருக்கும். ஊசி இருக்கும்வரை இந்தப் பசி அமுங்கிக் கிடக்கிறது. நிறுத்திய சில வாரத்தில் மருந்து வெளியேற, பழைய பசி புதிய, சின்ன உடம்பில் எழுகிறது. பருப்பு, முட்டை, மீன் என்று புரதத்தைக் கூட்டி, எடை தூக்கும் பயிற்சி செய்தால் தசை இழப்பு குறையும், பசி குறையாது.

எனவே ஊரில் தொடங்கும் முன்னரே லண்டனில் யார் தொடர்வார்கள் என்று முடிவு செய்யுங்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் என்று எண்ணிவிடாதீர்கள். 2025 ஜூனில் அது தொடங்கிய முதல் கட்டத்தில் பி.எம்.ஐ. 40 (தெற்காசியர்களுக்கு 37.5), கூடவே குறிப்பிட்ட ஐந்து நோய்களில் குறைந்தது நான்கு இருப்பவர்களுக்குத்தான் இடம் இருந்தது. என்.எச்.எஸ். தகுதிக்குள் வராதவர்கள் தனியார் மருந்தகத்தில் முழு விலை கொடுக்க வேண்டும். மருந்தகத்தார் ஊர்ச் சீட்டு, அளவு, தேதி எல்லாவற்றையும் கேட்பார்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். டிர்செபடைட் ஒரு வாரம் தவறினால் நான்கு நாளுக்குள் போடலாம், அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் போட வேண்டும். பல வாரம் இடைவெளி விழுந்துவிட்டால், ஃபிரிட்ஜில் 10 மி.கி. மிச்சமிருக்கிறது என்று அதையே எடுத்துப் போடாதீர்கள். வயிறு பழக்கத்தை மறந்திருக்கும்; டாக்டரைக் கேட்டு, பெரும்பாலும் 2.5-இலிருந்து மறுபடி ஏற வேண்டியிருக்கும்.