மூன்றடி ரேக்கில் எத்தனை பெட்டி நிற்கும்: நாலு வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

பனியன், ஜட்டி மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம், அதில் துளை போட்ட ஆங்கிள் ரேக்குகள். போல்ட் கழற்றித் தட்டை ஏற்றி இறக்கலாமே, அந்த வகைதான். முதலில் வாங்கியது மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஏழடி உயரம். டேப்பை வைத்தால் தட்டு 90க்கு 45 செ.மீ., கால் 210 செ.மீ. நாலு வருஷமாக அதில் ஏற்றி இறக்கிப் பார்த்ததில், எத்தனை பெட்டி பிடிக்கும் என்ற கணக்கு கடையில் சொன்ன கணக்கிலிருந்து எங்கே விலகுகிறது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும்.

ரேக் விற்றவர் போட்டது கன அளவுக் கணக்கு. பெட்டியின் மேல் அச்சடித்திருந்த அளவு 36 × 27 × 23 செ.மீ. ரேக்கின் மொத்தக் கன அளவை அதனால் வகுத்தால் 38 வரும். "தாராளமா 38 பெட்டி நிக்கும் சார்" என்றார். நிற்பது 21. இத்தனைக்கும் ரேக்கில் குறை எதுவும் கிடையாது.

முதல் வித்தியாசம் பெட்டியிலேயே இருக்கிறது. அட்டைப்பெட்டி செய்பவர்கள் பெரும்பாலும் உள் அளவைத்தான் சொல்வார்கள். எங்களுக்கு வருவது ஐந்து பிளை பெட்டி, ஒரு சுவர் சுமார் 6 மி.மீ. தடிமன். நீளத்திலும் அகலத்திலும் இரண்டிரண்டு சுவர், ஆக 1.2 செ.மீ. கூடும். உயரத்தில் மேலே இரண்டு மடல், கீழே இரண்டு மடல் ஒன்றின் மேல் ஒன்று மடிவதால் நாலு தடிமன், அதாவது 2.4 செ.மீ. இது போக, துணியை அமுக்கி நிரப்பினால் பக்கவாட்டில் வயிறு தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஈரம் இழுத்தால் இன்னும் தள்ளும். நிரம்பிய பெட்டியை டேப் வைத்து அளந்தால் 38 × 29 × 26. இந்த அளவை வைத்து அதே கன அளவுக் கணக்கைப் போட்டாலே 38 என்பது 29 ஆக இறங்கிவிடுகிறது.

அடுத்து, பெட்டியைத் தண்ணீர் மாதிரி ஊற்ற முடியாது. ஒவ்வொரு திசையிலும் தனித்தனியாக வகுத்து, மிச்சத்தை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். நீளவாக்கை ஆழத்தில் வைத்தால் 45ல் 38 ஒரு தடவை போகும். அகலத்தில் 90ல் 29 மூன்று தடவை. ஒரு அடுக்குக்கு 3. பெட்டியைத் திருப்பி வைத்தால் ஆழத்தில் ஒன்று, அகலத்தில் இரண்டு, ஆக 2தான். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்களுக்கு, தட்டின் அகலம், ஆழம், தட்டுக்கு மேல் கிடைக்கும் உயரம் மூன்றும் B1, B2, B3ல்; பெட்டியின் நீளம், அகலம், உயரம் C1, C2, C3ல் இருந்தால்:

```
=MAX(INT(B1/C1)*INT(B2/C2),INT(B1/C2)*INT(B2/C1))*INT((B3-4)/C3)
```

கடைசியில் கழித்திருக்கும் 4 செ.மீ. கைக்கு. மேல் தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் அந்த இடைவெளி இல்லாவிட்டால் பெட்டியைச் சற்றுத் தூக்கி இழுக்க முடியாது, தரதரவென்று உரசிக்கொண்டுதான் வரும். பாரம் ஏறி ஏறி என் தட்டுகள் நடுவில் ஒரு செ.மீ. அளவுக்குத் தொய்ந்திருக்கின்றன. அந்தத் தொய்வும் கீழ்ப்பெட்டியின் இந்த 4 செ.மீ.யில்தான் கழிகிறது. இது போகத் தட்டின் விளிம்பு மடிப்பு 3 செ.மீ. அப்படியென்றால் ஒரு அடுக்குக்குத் தட்டுக்குத் தட்டு 26 + 4 + 3 = 33 செ.மீ. வேண்டும், இரண்டு அடுக்குக்கு 59 செ.மீ. துளை இருக்கும் இடத்தில்தான் போல்ட் போட முடியும் என்பதால் எப்போதும் அடுத்த மேல் துளைக்குப் போக வேண்டும்.

கீழ்த் தட்டைத் தரையிலிருந்து 12 செ.மீ. தூக்கி வைத்திருக்கிறேன்; ஈரமும் கரையானும் ஏறாது, துடைப்பமும் உள்ளே போகும். அங்கிருந்து ஒரு அடுக்காகப் போனால் ஏழு தட்டு வேண்டும், ஏழு அடுக்கு, 21 பெட்டி. இரண்டு அடுக்காகப் போனால் 12, 71, 130, 189 செ.மீ. உயரங்களில் நாலே தட்டு, எட்டு அடுக்கு, 24 பெட்டி. நான் இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் உச்சித் தட்டில் ஒரு அடுக்குதான். 12 கிலோ பெட்டியைத் தலைக்கு மேல் இரண்டாவது அடுக்கிலிருந்து இழுக்க ஏணியில் நிற்கும் பையனை விடக்கூடாது. அதனால் 21. எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும் மூன்று தட்டின் காசு மிச்சம். மூன்றடுக்கு வைத்தால் ஒரு தட்டில் 108 கிலோ ஏறும், அடிப்பெட்டியும் நசுங்கும், அது வேண்டாம்.

யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு, முன்பக்கத்துக் கால். ஆங்கிளின் ஒரு இறக்கை முன்னால் 4 செ.மீ. மறைத்துக்கொண்டு நிற்கும். தட்டு 90 செ.மீ., வாய் 82 செ.மீ.தான். அச்சடித்த 27 செ.மீ.யை நம்பினால் மூன்று பெட்டி 81, வாய்க்குள் கச்சிதமாகப் போக வேண்டும். உண்மையில் 87. முதல் பெட்டியை உள்ளே விட்டு இடது காலுக்குப் பின்னால் தள்ளி, அடுத்ததை வலது காலுக்குப் பின்னால் தள்ளி, மூன்றாவதை நடுவில் செருக வேண்டும். எடுக்கும்போது தொல்லை. ஓரத்துப் பெட்டி வெளியே வர 4 செ.மீ. நடுவுக்கு நகர வேண்டும், ஆனால் மிச்ச இடம் 3 செ.மீ.தான். கீழடுக்கின் ஓரத்துப் பெட்டி வேண்டுமென்றால் மேலே நடுப்பெட்டி, மேலே ஓரப்பெட்டி, கீழே நடுப்பெட்டி என்று மூன்றை இறக்கிய பிறகுதான் கைக்கு வரும். அதனால் 90 செ.மீ. பனியன் சைஸ் மாதிரி தினம் ஓடும் சரக்கை நடுவிலும், 110 மாதிரி எப்போதாவது கேட்கும் சைஸை ஓரத்திலும் வைக்கிறோம். அதிலிருந்து வேலை ஓடுகிறது.

ஆழத்தைப் பற்றி என் தீர்ப்பு: இந்தப் பெட்டிக்கு ஒன்றரை அடி ரேக் வீண். 45ல் 38 போக 7 செ.மீ. காற்றுக்குத்தான். 15 இஞ்ச் ஆழம், அதாவது 38 செ.மீ. ரேக்கிலும் இதே 21 பெட்டி நின்றிருக்கும், நடைபாதையும் அகலமாகியிருக்கும். இல்லையென்றால் இரண்டடிக்குப் போக வேண்டும். பின்னால் வாங்கிய ரேக் 60 செ.மீ. ஆழம். அதில் பெட்டியைத் திருப்பி வைத்தால் ஆழத்தில் 29 இரண்டு தடவை, அகலத்தில் 38 இரண்டு தடவை, ஒரு அடுக்குக்கு 4. ஏழு அடுக்கில் 28. இரண்டு 38 சேர்ந்தால் 76, வாய்க்குள் நேராகப் போய் நேராக வருகிறது. பின்வரிசை கண்ணுக்குத் தெரியாது என்பதால் முன்னும் பின்னும் ஒரே சைஸ், ஒரே கலராக வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு தட்டில் எட்டுப் பெட்டி, 96 கிலோ. ஆகவே தட்டு கனமானதாக, அடியில் பட்டை வைத்ததாக வாங்கினேன். அதில் இதுவரை தொய்வு தெரியவில்லை.

சமீபத்தில் ஒரு கம்பெனி பெட்டியின் நீளத்தை 42 ஆக்கிவிட்டது. இரண்டு சேர்ந்தால் 84, வாயைவிடப் பெரிசு. ஆனால் 90ல் மிச்சம் 6 செ.மீ. இருக்கிறது, கால் மறைப்பது 4 செ.மீ.தான். ஒரு பெட்டியை நடுவுக்கு நகர்த்தினால் இன்னொன்றைத் தொடாமலே வெளியே வந்துவிடுகிறது. தட்டு எதையும் மாற்றாமல் அந்தச் சரக்கையும் இரண்டடி ரேக்கிலேயே ஏற்றிவிட்டோம்.