அந்த வயரை வாங்கிவிடாதே, தம்பி

தம்பி, ஞாயிற்றுக்கிழமை கலியாணப் படங்களை ரீவியில் போட்டுக் காட்டக் கிளிநொச்சியில் வயர் வாங்கப் போகிறாய் என்று சித்தி சொன்னா. போக முன்னம் இதை வாசி. நான் அதே வயருக்கு 2,800 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

அம்மம்மாவால் கலியாணத்துக்கு வர முடியவில்லை. போன் திரையில் முகங்களும் அவவுக்குத் தெரியாது. அதனால்தான் போனின் டைப்-சி வாயிலிருந்து ரீவியின் HDMI துளைக்குப் போகும் வயரை வாங்கினேன். "என்ர போனுக்குச் சரிவருமா?" என்று இரண்டு தரம் கேட்டேன். "எந்த போனுக்கும் பிடிக்கும் தங்கச்சி" என்றார் கடைக்காரர். கடைச் சுவரில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் கொளுவிக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அவரும் காட்டவில்லை.

புதுக்குடியிருப்பில் அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, பெரியம்மா ஆட்களும் வந்து இருந்த பிறகு கொளுவினேன். ரீவியில் No Signal. HDMI 1, HDMI 2 இரண்டிலும் அதேதான். அடுத்த நாள் திருப்பிக் கொண்டுபோனால், "உங்கட போனிலதான் பிழை, பெட்டி உடைச்சதை எடுக்க மாட்டம்" என்று சொல்லிவிட்டார்கள்.

போனில் பிழையில்லை. டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டும்தான். அதன் வழியாகப் படம் வெளியே வர வேண்டுமென்றால் போனுக்குள் DisplayPort என்ற வசதி இருக்க வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் அது இல்லை. சார்ஜ் ஏறும், படங்களைக் கொப்பி பண்ணலாம், ரீவிக்கு ஒன்றும் போகாது. அதே வயரை அண்ணாவின் விலை கூடிய போனில் கொளுவியதும் படம் வந்தது. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லி விற்றதுதான் என் கோபம்.

உன் போனின் மாடல் பெயரை இணையத்தில் தேடி, USB என்ற வரியைப் பார். USB Type-C 2.0 என்று மட்டும் இருந்தால் வாங்காதே. DisplayPort என்று எழுதியிருந்தால் வாங்கலாம். அப்போதும் போனைக் கையோடு கொண்டுபோய், கடை ரீவியில் படம் வந்த பிறகே காசைக் கொடு.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது பென் ட்ரைவ்தான். ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் சாதாரண USB உள்ளதை வாங்கி, போனிலிருந்து நேரே கொப்பி பண்ணி, ரீவியின் USB துளையில் செருகினேன். வாட்ஸ்அப்பில் வந்த படங்களைப் போடாதே, அவை சுருங்கியவை, பெரிய திரையில் மங்கும். படம் எடுத்தவரிடம் மூலப் படங்களைக் கேள். மாப்பிள்ளையின் ஐபோன் படங்கள் HEIC என்று முடிந்தால் நிறைய ரீவிகள் திறக்காது, JPG ஆக மாற்றித் தரச் சொல்.

சனிக்கிழமையே உங்கள் ரீவியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எனக்குச் சொல். சரிவராவிட்டால் என் பென் ட்ரைவை ஞாயிறு காலை பஸ்ஸில் கொண்டு வருகிறேன்.