தில்லானாவை எங்கே வெட்டுவது: தட்டுக்குத் தட்டா, கோர்வை முடிவிலா?

மூன்று கேமராவில் எடுத்த பரதநாட்டிய நிகழ்ச்சி கைக்கு வந்தால் அதைத் தொகுக்க நான்கு வழிகள் உண்டு. நடுவில் வைத்த வைடு ஷாட்டை அப்படியே ஓடவிடலாம். அரங்கிலேயே ஸ்விட்ச்சர் வைத்து ஆடும்போதே மாற்றிக்கொண்டு போகலாம். வீட்டுக்கு வந்து தாளத்தின் தட்டுக்குத் தட்டு வெட்டலாம். இல்லையென்றால் அடவுகளை, அதாவது அடிப்படை ஆட்ட அசைவுகளைத் தொடுத்து அமைத்த ஒரு கோர்வை முழுசாக முடியும்வரை பொறுத்திருந்து வெட்டலாம். நான் நான்காவது கட்சி. எதற்காக என்பதை, நிகழ்ச்சியின் முடிவில் வேகமாக ஆடும் உருப்படியான தில்லானா ஒன்றை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் தில்லானாவில்தான் எடிட்டருக்குக் கை அதிகம் துறுதுறுக்கும், கெடுதலும் அங்கேதான் அதிகம் நடக்கும்.

ஆதி தாளம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு எண்ணிக்கை. ஒரு எண்ணிக்கைக்கு முக்கால் நொடி என்றால் தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனம் 6 நொடி, அதாவது நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்த வீடியோவில் 150 ஃப்ரேம். நான்கு ஆவர்த்தனக் கோர்வை ஒன்று 24 நொடி ஓடும். இன்றைக்கு யூடியூபில் பழகிய கண்ணுக்கு 24 நொடி ஒரே ஷாட் என்பது ரொம்ப நீளமாகத் தெரியும், வெட்டச் சொல்லி வயிறு கலக்கும். ஆனால் ஆடுகிறவர் அந்த 24 நொடியை ஒரே வாக்கியமாகத்தான் ஆடுகிறார்.

தட்டுக்குத் தட்டு வெட்டுகிறவர்கள் சொல்லும் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. தாளத்தில் வெட்டினால் வெட்டு உறுத்தாது, மிருதங்க அடியோடு படம் மாறும்போது காதும் கண்ணும் ஒன்றாகிவிடும் என்பார்கள். சினிமாப் பாட்டுக்கு அது சரி, அங்கே அசைவே வெட்டுக்காக அமைக்கப்பட்டது. மேடைக் கோர்வை அப்படி இல்லை. கோர்வையின் முடிவைப் பாருங்கள்: 'ததிங்கிணதொம்' மூன்று முறை வருகிறது, இடையில் கொஞ்சம் இடைவெளி, கடைசித் 'தொம்' சரியாகச் சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் எண்ணிக்கையில் விழுகிறது. மேலே சொன்ன வேகத்தில் இது மொத்தமும் சுமார் மூன்றரை நொடிதான். மூன்று முறை வருகிறதே, மூன்று கேமராவும் இருக்கிறதே என்று முதல் தடவைக்கு நடு கேமரா, இரண்டாவதற்கு இடது, மூன்றாவதற்கு வலது என்று போட்டு வைத்த எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. கேட்பதற்கு அழகான கணக்குதான். ஆனால் அந்த மூன்று முறையும் ஒரே அடவு, பல சமயம் ஒரு தடவை வலப்பக்கம், ஒரு தடவை இடப்பக்கம், கடைசியில் நடு. அதே அளவு, அதே கோணம் மூன்று முறையும் இருந்தால்தான் பார்க்கிறவருக்கு 'இதோ அதே அடவு, இதோ மறுபடியும், இதோ முடிந்தது' என்று உடம்பிலேயே ஏறும். கோணத்தை மாற்றிவிட்டால் வலம் இடமாகத் தெரியும், ஒரே அடவு மூன்று வேறு அடவுகள் மாதிரி இருக்கும், தாளம் தெரியாதவருக்கு இந்த முத்தாய்ப்பு, அதாவது தீர்மானம், முடிந்ததே தெரியாது. தாளத்துக்கு உட்பட்ட வெட்டுதான், ஆனால் ஆட்டத்தை உடைத்துவிட்டது.

அதனால் நான் வெட்டுகிற இடம் சமம் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'கோர்வை முடிவில் வெட்டு' என்றவுடன் பலர் அந்தக் கடைசித் 'தொம்' மீதே கத்தியை வைக்கிறார்கள். அந்தக் கால் எழுந்த ஷாட்டிலேயே அது தரையில் விழுவதையும் பார்க்க வேண்டும். விழுந்து, அரைமண்டியில் உட்கார்ந்து, கை நீட்டி, பார்வை கைக்குப் போய் நிற்கும் அந்த ஒரு நிலையையும் பார்க்க வேண்டும். அதற்குள் பல்லவி திரும்ப எடுத்திருப்பார்கள். ஆடுகிறவர் அந்த நிலையை விட்டு அடுத்த கோர்வைக்காக நிமிர்ந்து நடக்கத் தொடங்கும் அசைவு இருக்கிறதே, அதுதான் வெட்டுக்கு இடம். சமத்திலிருந்து இரண்டு மூன்று எண்ணிக்கை தள்ளி வரும், அதாவது கிட்டத்தட்ட 40, 50 ஃப்ரேம். அந்த இடத்திலும் ஓர் எண்ணிக்கையின் மேல்தான் வெட்டுவேன், பொதுவாக ஒலிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால், அப்போதுதான் அடியும் படமும் சேர்ந்து வந்த மாதிரி இருக்கும். சேர்ந்தே வைத்தால் படம் கொஞ்சம் பிந்தியது போல் தோன்றும்.

வேலையில் இதை எப்படிச் செய்வது என்றால், டாவின்சி ரிசால்வில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து `Create New Multicam Clip Using Selected Clips` கொடுத்து ஒலியை வைத்து ஒத்திசைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெட்டுவதற்கு முன்னால் உருப்படியை ஒருமுறை முழுசாக ஓடவிட்டு, ஒவ்வொரு கோர்வையின் கடைசி அடியிலும் `M` அழுத்தி மார்க்கர் போடுங்கள். கை எப்படியும் நாலைந்து ஃப்ரேம் பிந்தும், அதை அலைவடிவத்தைப் பெரிதாக்கி நட்டுவாங்கத் தாளத்தின் கூர்மையான முள்ளோடு சேர்த்துவிடுங்கள். டெம்போ எண்ணைக் கொடுத்துக் கட்டம் போடுவது இங்கே வேலைக்கு ஆகாது. மேடையில் காலப்பிரமாணம் கொஞ்சமாவது நகரும், கடைசிக் கோர்வையில் சூடேறிவிட்டால் இன்னும் நகரும்.

ஒலியை வைத்து ஒத்திசைப்பதில் ஒரு பொறி உண்டு. பின் வரிசையில் நின்ற கேமரா மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருந்தால், ஒலி அங்கே போய்ச் சேர நொடியில் 7 சதவீதம் ஆகும், கிட்டத்தட்ட 2 ஃப்ரேம். மென்பொருள் அந்தப் பிந்திய ஒலியை மிக்சர் ஒலியோடு பொருத்த, கிளிப்பையே 2 ஃப்ரேம் முன்னால் இழுத்துவிடும். விளைவு, வைடு ஷாட்டுக்கு மாறும்போதெல்லாம் கால் முதலில் விழும், 'தை' பிறகு கேட்கும். நடனத்தில் இந்த 2 ஃப்ரேம் கண்ணுக்குத் தெரியும். எது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஆடியவர் தாளம் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள், பாவம் அவர் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார். சோதிப்பது எளிது: பலமாக ஒரு கால் தட்டும் இடத்தை எல்லாக் கேமராவிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதம் தரை தொடும் ஃப்ரேம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒலியை நம்பாமல் பாதத்தை வைத்து நகர்த்துங்கள்.

அரங்கிலேயே ஸ்விட்ச் செய்வதன் பலவீனமும் இதே இடத்தில்தான். ஸ்விட்ச்சரில் உட்கார்ந்திருப்பவர் கேட்டபிறகுதான் அழுத்துகிறார், கால் நொடி போனாலே 6 ஃப்ரேம். வெட்டுகள் எல்லாம் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால், ஒரே மாதிரி தளர்ந்து விழும். அந்த உருப்படியைக் கற்ற ஒரு மூத்த மாணவி பக்கத்தில் உட்கார்ந்து 'இது கடைசித் தடவை, இப்போது முடிகிறது' என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தால் நன்றாகவே வரும். நேரலை வேண்டுமென்றால் இதுதான் வழி, வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கேமராவிலும் தனியாகப் பதிவு ஓடட்டும், அவ்வளவுதான்.

சரி, எந்த ஷாட்டுக்கு மாறுவது? எங்கே வெட்டுகிறோம் என்பதைவிட இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது என்று நினைக்கிறேன். அபிநயம் இல்லாமல் அடவுகள் மட்டும் வரும் நிருத்தப் பகுதியில் இடுப்புக்கு மேல் எடுத்த ஷாட் எதற்கும் உதவாது, அடவே இடுப்புக்குக் கீழேதான் தொடங்குகிறது. ஆக இரண்டாவது ஷாட்டும் முழு உடம்புதான். அதைப் பக்கவாட்டுக் கேமராவிலிருந்து எடுப்பதா, நடு வைடையே 4K-வில் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்வதா என்பது உண்மையான போட்டி.

பக்கவாட்டுக் கேமரா படத்துக்கு ஆழம் தரும், குழு நடனத்தில் வரிசைகள் பிரிந்து தெரியும். ஆனால் அது மேடையின் ஓரத்துக்குப் போகப் போக அரைமண்டி போய்விடுகிறது. இரண்டு முட்டியும் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும் அந்தச் சாய்சதுரம் முன்னாலிருந்து பார்க்கத்தான் அமைந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு முட்டி இன்னொன்றை மறைத்து, நன்றாக உட்கார்ந்தவரும் அரைகுறையாக உட்கார்ந்த மாதிரி தெரிவார். நடுக்கோட்டிலிருந்து 20, 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்தால் இரண்டும் கிடைக்கும். உயரமும் முக்கியம், ஆடுகிறவரின் இடுப்பு மட்டத்தை ஒட்டி இருந்தால் தரையும் தெரியும், பாதமும் தெரியும். அதற்கும் கீழே போனால் மேடை விளிம்பில் வைத்த பூவும் மானிட்டர் ஸ்பீக்கரும் கணுக்காலைத் தின்றுவிடும்.

4K-வைப் பெரிதாக்குவதில் கணக்கு எளிது. 1080-இல் வெளியிடுவதானால் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம், தெளிவு குறையாது. வைடு ஷாட் 9 மீட்டர் மேடையைப் பிடிக்கிறது என்றால், பெரிதாக்கிய சட்டம் நாலரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம். தலைக்கு மேல் கை தூக்கி நிற்கும் ஒருவர் சுமார் 2.1 மீட்டர் இருப்பார், மேலும் கீழும் கொஞ்சம் காற்று விட்டுக் கச்சிதமாகப் பொருந்தும். நின்ற இடத்தில் ஆடும் கோர்வைக்கு எனக்குப் பிடித்தது இதுதான். முன்னாலிருந்தே பார்க்கிறோம், ஒத்திசைவுத் தொல்லையும் இல்லை. ஆனால் மூலையிலிருந்து மூலைக்குக் குதித்துப் போகும் கோர்வைக்கு நாலரை மீட்டர் போதாது. கீஃப்ரேம் வைத்துத் துரத்தினால் சட்டம் எப்போதும் ஒரு படி பின்னால் ஓடும், நீட்டிய கை வெளியே போய்த் திரும்பி வரும். அங்கே வைடிலேயே நில்லுங்கள். இன்னொன்று, ஒரே கோணத்தில் கொஞ்சமாக மட்டும் பெரிதாக்கினால், ஒன்றேகால் மடங்கு என்று வைத்துக்கொள்வோம், வெட்டு ஒரு குலுக்கல் மாதிரி இருக்கும். மாற்றினால் முழுசாக மாற்றுங்கள்.

மேலே சொன்ன தில்லானாவை இந்த முறையில் தொகுத்தால் இப்படி வரும்: தொடக்கத்தில் வரும் மை அடவு பெரிதாக்கிய சட்டத்தில், அது முடிந்து நடக்கும்போது வைடு, முதல் இரண்டு கோர்வைகள் வைடிலேயே, அடுத்த கோர்வை இடத்திலேயே ஆடுவது என்பதால் அதற்கு முந்தைய நடையில் பெரிதாக்கிய சட்டம், பிறகு குறுக்கே போகும் கோர்வைக்கு மறுபடி வைடு. சாகித்திய வரி வந்து அபிநயம் தொடங்கும்போது முதல் தடவையாகப் பக்கக் கேமராவின் நெருக்க ஷாட்டுக்குப் போகலாம், முகம் அங்கே வேண்டும். அந்த வரி முடிந்து கடைசிக் கோர்வை எடுப்பதற்கு முன்பே, கால் அசையத் தொடங்கும் முன்பே, முழு உடம்புக்குத் திரும்பிவிட வேண்டும். முதல் அடவு ஆரம்பித்தபின் திரும்பினால் அந்த அடவின் கால் போச்சு. மொத்த உருப்படிக்கும் பத்துப் பதினைந்து வெட்டுக்கு மேல் தேவைப்படாது.

நடு வைடை மட்டும் ஓடவிடும் முதல் வழியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. குருவுக்கும் ஆடியவருக்கும் கொடுக்கும் பிரதி அதுவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் எந்தத் தட்டில் முட்டி நிமிர்ந்தது, எந்தக் கை தாழ்ந்தது என்று அவர்கள் தேடிப் பார்ப்பார்கள், வெட்டு விழுந்த இடத்தில் அது தெரியாது. தொகுத்த பிரதியோடு வெட்டாத வைடையும் தனிக் கோப்பாகக் கொடுத்துவிடுங்கள், ஏற்றுமதிக்கு ஆகும் நேரம்தான் கூடுதல் செலவு.