மின்வெட்டும் ஏசியின் மூன்று நிமிடக் காத்திருப்பும்: பல கோடைகளின் அனுபவம்

எங்கள் கூடத்தில் திருகு தெர்மோஸ்டாட் வைத்த பழைய ஜன்னல் ஏசி, படுக்கையறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. இரண்டையும் பல கோடைகளாகப் பார்த்துவருகிறேன். ஏசிக்கு ஆகாதது அரை மணி நேர மின்வெட்டல்ல. கண்சிமிட்டும் நேரத்தில் போய் வரும் மின்சாரம்தான்.

கம்ப்ரசர் ஓடும்போது அதன் ஒரு பக்கம் வாயு அழுத்தம் குறைவு, மறுபக்கம் மிக அதிகம். பழைய ஆர்22 வாயு என்றால் ஏறத்தாழ 65 பிஎஸ்ஐ, 250 பிஎஸ்ஐ. ஏசி நின்றதும் இரண்டும் சமமாக வேண்டும். வாயு திரும்பும் வழியோ கேப்பிலரி எனும் மிக மெல்லிய குழாய். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மின்சாரம் திரும்பினால், கிளம்பும் விசை குறைந்த சிங்கிள் பேஸ் மோட்டார் அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முடியாமல் நின்றபடியே வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்.

ஜன்னல் ஏசியில் இது காதுக்கே தெரியும். விளக்கு ஒரு கணம் மங்கும். சில நொடிகள் ‘ம்ம்ம்’ என்ற முனகல், பிறகு ‘டக்’. ஓவர்லோட் எனும் பாதுகாப்பு சுவிட்ச் சூடேறி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது என்று பொருள். விசிறி ஓடும், காற்று குளிராது. ஓவர்லோட் ஆறியதும் மறு முயற்சி நடக்கும். இது அடிக்கடி நடந்தால் வைண்டிங்கின் காப்புப் பூச்சு கருகிக் கம்ப்ரசரே போய்விடும். திருகைச் சட்டென்று குறைத்துக் கூட்டினாலும் இதே கதைதான். விருந்தினர் வரும்போது அந்தத் திருகின் மேல் எனக்கு ஒரு கண் இருக்கும்.

ஸ்பிளிட் ஏசியோ மின்சாரம் வந்ததும் கம்ப்ரசரை உடனே இயக்காமல் காத்திருக்கும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு அழுத்தம் சமமாகியிருக்குமே, அப்போதும் ஏன் காத்திருக்கிறது? எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லை என்பது அதன் சர்க்யூட் போர்டுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் சுமார் மூன்று நிமிடம் எண்ணிவிட்டே கம்ப்ரசரை இயக்குகிறது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்சாரம் வந்தவுடன் தெருவே ஒன்றாக இழுப்பதால் வோல்டேஜ் தாழ்ந்திருக்கலாம். 230 வோல்ட் 180 ஆனால், மோட்டாரின் கிளம்பும் விசை ஏறக்குறைய அறுபது சதவீதமாகிவிடும். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக வேகமெடுக்கும் என்றாலும் அதுவும் காத்திருக்கத்தான் செய்கிறது.

ஜன்னல் ஏசிக்கு டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் பொருத்திய பிறகு அந்த ‘டக்’ சத்தம் கேட்பதில்லை. அதே வகையை ஸ்பிளிட்டுக்கும் போட்டதில் இரண்டு காத்திருப்பும் சேர்ந்து ஆறு நிமிடம் ஆனது. ஸ்டெபிலைசரின் டிலே சுவிட்சைக் குறைந்த நேரத்துக்கு மாற்றினேன். மின்சாரம் வந்து ஐந்தாறு நிமிடமாகியும் வெளி யூனிட் அமைதியாக இருந்தால் மட்டுமே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன். அதற்கு முன்பே கூப்பிட்டால், ‘கேஸ் போய்விட்டது’ என்று சொல்லிக் காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.