வெள்ளைப் பின்னணி: லைட்டில் வர வைப்பதா, வெட்டி ஒட்டுவதா?

விற்கும் பொருளின் முதல் படத்துக்கு அமேசான் வைக்கும் முக்கியமான நிபந்தனைகள் இரண்டு. பின்னணி RGB 255, 255, 255 என்ற சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். பொருள் படத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். வெள்ளைத் தாள் முன்னால் வைத்து எடுத்தால் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் கேமராவையே வெளிச்சத்தை அளக்கவிட்டால் வெள்ளைத் தாளும் சாம்பலாகத்தான் பதியும்.

பிடி வைத்த ஒரு வெள்ளைப் பீங்கான் கப்பை எடுத்துக்கொள்வோம். முதல் வழி, தாளுக்குத் தனி லைட். கப்புக்கு நான்கைந்து அடி பின்னால் தாளைத் தொங்கவிட்டு, கப்பின் மேல் விழும் வெளிச்சத்தைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு, தாளில் விழச் செய்ய வேண்டும். இரண்டு ஸ்டாப்பைத் தாண்டினால் பின்னாலிருந்து வரும் ஒளி கப்பின் விளிம்பையே தின்றுவிடும். அளவோடு வைத்தாலும் வெள்ளைக்கு முன் வெள்ளை கரையத்தான் செய்யும். இரு பக்கமும் படத்தில் விழாத தூரத்தில் கறுப்பு அட்டை நிறுத்தினால், ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு வந்து உருவம் பிரிந்து நிற்கும்.

இரண்டாவது வழி, இளஞ்சாம்பல் தாளில் எடுத்து, போட்டோஷாப்பின் பென் டூலால் ஓரத்தில் கோடிழுத்து வெட்டி வெள்ளையில் வைப்பது. இதில் ஓரம் முதலிலிருந்தே தெளிவு. கோட்டை விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளே இழுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கப்பைச் சுற்றிச் சாம்பல் நூல் ஒட்டிக்கொண்டு வரும். பிடிக்குள் இருக்கும் ஓட்டையை வெட்ட மறப்பவர்கள் நிறையப் பேர்.

கப்புக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். கண்ணாடிப் பாட்டில் என்றால் தயங்காமல் முதல் வழி: கண்ணாடிக்குள்ளே தெரிவதே பின்னணிதான், அதை எந்தக் கத்தரியாலும் பிரிக்க முடியாது. கம்பளி, தூரிகை போன்றவற்றுக்கும் அதுவே.

லைட்டில் எடுத்த படத்தைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். 250-க்கும் 255-க்கும் திரையில் வித்தியாசம் தெரியாது; அமேசான் பக்கத்தில் ஏற்றிய பிறகுதான் படத்தைச் சுற்றி மங்கலாக ஒரு பெட்டி தெரியும். போட்டோஷாப்பில் Threshold-ஐ 255-இல் வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் வெள்ளை குறைகிறதோ அங்கெல்லாம் கறுப்பாகிவிடும். பின்னணியில் பெரும்பாலும் கப்பின் அடியில்தான் கறுக்கும். அந்த இடத்தை மட்டும் வெளுக்க வையுங்கள். மொத்தப் படத்தையும் வெளுத்தால் கப்பும் சேர்ந்து போய்விடும்.

நிரப்புவதில் இரு வழிக்கும் ஒரே முறைதான். 2000 பிக்சல் சதுரத்தில் நீளமான பக்கம் 1700 வர வேண்டும். பிடியையும் சேர்த்தால் பல கப்புகளில் அகலம்தான் உயரத்தைவிட அதிகம், எனவே அகலத்தை அளவுக்கு எடுங்கள். நிரப்புவதற்காகக் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் கப்பின் வாய் விரிந்து, அடி சிறுத்துத் தெரியும். தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்து, பிறகு கிராப் செய்யுங்கள்.