ஃபோட்டோ எடிட்டிங் குடுத்து ஏமாந்துட்டேன்: பட்டன் பக்கம், ஜிப், பாக்கெட் பார்க்காம மீதிப் பணத்த குடுத்துடாதீங்க

திருப்பூர்ல சின்னதா ஆன்லைன்ல ரெடிமேட் விக்கிறேன், ஜென்ட்ஸ் சட்டை, லேடீஸ் சட்டை, ஜீன்ஸ், கொஞ்சம் ஸ்கர்ட். என்ன மாதிரி சின்ன அளவுல விக்கிறவங்க யாருக்கும் இது நடக்கக் கூடாதுன்னுதான் இத எழுதறேன். எடிட் பண்ணவரோட பேரு போடல, பேரு முக்கியமும் இல்ல, இந்த வேலைய இப்படி பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க.

புது சீசனுக்கு 16 டிசைன், மொத்தம் 64 படம். மாடல் வச்சு ஃபோட்டோ எடுத்தாச்சு, பின்னாடி பேக்ரவுண்ட் எடுத்து வெள்ளையாக்கி சுருக்கம் சரி பண்ணித் தர ஒரு படத்துக்கு 25 ரூபாய்னு பேசி 800 ரூபா அட்வான்ஸ் குடுத்தேன். நாலு நாள்ல வந்துச்சு, பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு, எல்லா மாடலும் ஒரே பக்கம் திரும்பி நிக்கிற மாதிரி வரிசையா. மீதி 800-ஐயும் அன்னைக்கே அனுப்பிட்டேன். அந்த வரிசைலதான் வினையே இருந்துச்சு, எனக்கு அப்ப தெரியல.

பத்து நாள் கழிச்சு ஒரு கட்டம் போட்ட ஜென்ட்ஸ் சட்டை மட்டும் திரும்பித் திரும்பி வருது. 40 ஆர்டர்ல 11 ரிட்டர்ன். காரணம்னு "படத்துல இருக்கறது வேற, வந்தது வேற"ன்னு போட்டிருக்காங்க. ஒருத்தர் மட்டும் "படத்துல லேடீஸ் சட்டை மாதிரி இருந்துச்சு, பரவால்லன்னு வாங்கினேன், பாக்கெட் வேற பக்கம் இருக்கு"ன்னு எழுதியிருந்தாரு. எனக்கு ஒண்ணும் புரியல, சட்டை கலரு சரி, துணி சரி. எங்க கட்டிங் மாஸ்டர்கிட்ட ஃபோன நீட்டினேன், அவரு ரெண்டு செகண்ட் கூட பார்க்கல, "ஏங்கண்ணு, காஜாப் பட்டி பக்கம் மாறிக் கெடக்குது, இது பொம்பளைங்க சட்டையாட்டம் இருக்குது"ன்னாரு.

விஷயம் இதுதான். ஜென்ட்ஸ் சட்டைல காஜா, அதாவது பட்டன் மாட்டற ஓட்டை, இருக்கற பட்டி போட்டிருக்கறவரோட இடது கைப் பக்கம், பட்டன் வலது கைப் பக்கம், அதாவது இடது பக்கத் துணி மேல வந்து வலதை மூடும். ஒத்த பாக்கெட்டும் இடது மார்புல. லேடீஸ் சட்டைல பொதுவா காஜாவும் பட்டனும் அப்படியே பக்கம் மாறி இருக்கும், வலது பக்கத் துணி மேல வரும். இப்ப படத்துல மாடல் நம்மள பார்த்து நிக்கறாரு, அவரு இடது நமக்கு வலது. அதனால ஜென்ட்ஸ் சட்டை படத்துல பாக்கெட் நம்ம கண்ணுக்கு வலது பக்கம் இருக்கணும், காஜாப் பட்டியும் அந்தப் பக்கத்துத் துணியோடதா இருக்கணும். என் படத்துல ரெண்டும் இடது பக்கம். மாடல் இந்தப் பக்கம் திரும்பி இருந்தா அழகா இருக்கும்னு எடிட் பண்ணவரு படத்த இடது வலதா மாத்தற Flip Horizontal-அ ஒரு அமுக்கு அமுக்கிருக்காரு, அவ்வளவுதான்.

நான் ஏன் கண்டுபிடிக்கலன்னா, படத்த திருப்பினா எழுத்து கண்ணாடில தெரியற மாதிரி மாறி வரும்னு தெரியும், கழுத்து லேபிள் நேரா இருந்துச்சுன்னு நம்பிட்டேன். ஆனா அவரு மொத்தப் படத்தையும் திருப்பிட்டு லேபிள மட்டும் வெட்டி நேராக்கி ஒட்டியிருக்காரு! அதாவது பக்கம் மாறுதுன்னு அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. இதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல. எழுத்து சரியா இருந்தா படம் திருப்பலன்னு நினைச்சுடாதீங்க.

கேட்டேன். "அக்கா, நீங்க திருப்பக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே"ன்னாரு. சரி தம்பி சரி பண்ணிக் குடுங்கன்னா, ரெண்டு நாள் கழிச்சு அனுப்பினதுல பாக்கெட்ட மட்டும் வெட்டி அந்தப் பக்கம் ஒட்டியிருக்காரு, பட்டன் பழைய பக்கமே இருக்கு. அப்பவும் அது ஜென்ட்ஸ் சட்டையா இல்ல. ஒட்டினது எப்படி தெரிஞ்சுதுன்னா, எங்க சட்டைல பாக்கெட் தைக்கும்போது பாக்கெட் கட்டமும் சட்டைக் கட்டமும் கோடு விடாம சேரும், அதுக்குன்னே துணி கூட போகும். படத்துல பாக்கெட் ஓரத்துல கோடு அரை இன்ச் தள்ளி நிக்குது. பாக்கெட் இருந்த பழைய இடத்துல துணிய நிரப்பினதும் கட்டம் கோணலா ஓடுது. பெருசு பண்ணிப் பார்த்தா யாருக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் 64 படத்தையும் மாஸ்டரோட உக்காந்து சாம்பிள கைல வச்சுக்கிட்டு பார்த்தோம். லேடீஸ் ஜீன்ஸ்ல இன்னொரு கூத்து. லேடீஸ்னா எல்லாமே எதிர்ப் பக்கம்னு எடிட் பண்ணவரே முடிவு பண்ணி, சரியா இருந்த படத்த திருப்பி வச்சிருக்காரு. லேடீஸ் ஜீன்ஸ் நிறைய ஜென்ட்ஸ் மாதிரியே இடது பக்கத் துணி ஜிப்ப மூடற மாதிரிதான் வருது, எங்களோடதும் அப்படித்தான். ஜிப்புக்குப் பக்கத்துல வளைஞ்சு இறங்கற தையல் இருக்குல்ல, அது படத்துல நமக்கு வலது பக்கம் வரணும். முன் பாக்கெட்டுக்குள்ள ஒரு குட்டி பாக்கெட் இருக்கும், அது போட்டிருக்கறவங்க வலது பக்கம், அப்ப நமக்கு இடது. அதனால "ஜென்ட்ஸ்னா இப்படி லேடீஸ்னா அப்படி"ன்னு மனப்பாடமா வச்சுக்கிட்டு சட்டை தவிர வேற எதையும் முடிவு பண்ணாதீங்க, தைச்ச துணி என்ன சொல்லுதோ அதுதான். ஜீன்ஸுக்கு இன்னொரு வழியும் மாஸ்டர் சொன்னாரு, துணில சாய்வா ஓடற கோட்ட பெருசு பண்ணிப் பாருங்க, எங்க துணில இடது கீழ இருந்து வலது மேல ஏறுது, திருப்பின படத்துல அது எதிர்ப்பக்கம் சாஞ்சு கெடந்துச்சு. லேபிள ஒட்டினவரு இத மாத்த முடியாதுல்ல.

ஸ்கர்ட்டுல சைடு ஜிப் இடுப்புல இடது பக்கம். முன்பக்கத்த எடுத்த படத்துல நமக்கு வலது பக்கம் ஜிப் வந்துச்சு, சரி. பின்பக்கத்த எடுத்த படத்துலயும் வலது பக்கமே ஜிப்! திரும்பி நிக்கறப்ப அவங்க இடது நமக்கும் இடதுதான, அப்ப ரெண்டு படத்துல ஏதோ ஒண்ணு திருப்பினதுன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு. முன் பின் படத்த பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா இது மாட்டிக்கும்.

மொத்தம் 23 படம் தப்பு. எடுத்த ஒரிஜினல் என் பென் டிரைவ்ல இருந்ததால தப்பிச்சேன், அவருகிட்ட கேட்டப்ப "அழிச்சுட்டேன்க்கா"ன்னுட்டாரு, பணமும் வரல, அப்புறம் ஃபோனே எடுக்கல. ரிட்டர்ன் கூரியர் மட்டும் 1430 ரூபா, மறுபடி வேற ஒருத்தர்கிட்ட எடிட் குடுத்தது தனி.

இப்ப புது ஆளுகிட்ட வேலை குடுக்கறப்ப மெசேஜ்ல எழுதியே அனுப்பறேன்: படத்த திருப்பக் கூடாது, பாக்கெட் பட்டன் ஜிப் எதையும் இடம் மாத்தக் கூடாது, அப்படி இருந்தா அந்தப் படத்துக்குக் காசு கிடையாது. முதல்ல 4 படம் மட்டும் வாங்கி, ஒரிஜினல் பக்கத்துல வச்சு, சாம்பிள் சட்டைய நானே மேல போட்டு கண்ணாடில இல்லாம குனிஞ்சு பார்த்து என் இடது கை எந்தப் பக்கம்னு உறுதி பண்ணிட்டுதான் மீதிய அனுப்பறேன். கண்ணாடில பார்க்காதீங்க, அதுவும் பக்கத்த மாத்திக் காட்டும்.