ரெகுலரா, மீடியமா, லார்ஜா: மெனு படத்தை வைத்து ஒரு கணக்கு

வீட்டுக்கு பீட்சா வாங்கும் முன் கடை மெனுவை போனில் படம் எடுத்துக்கொண்டேன். 7 இன்ச் ரெகுலர் 239 ரூபாய், 10 இன்ச் மீடியம் 459, 13 இன்ச் லார்ஜ் 699. வாங்கியது லார்ஜ். அடுத்த தடவையும் அதுதான்.

பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். மூன்றும் வட்டம் என்பதால் ஒப்பிடுவதற்கு பை தேவையில்லை. விட்டத்தை அதாலேயே பெருக்கினால் போதும். 49, 100, 169. இரண்டு ரெகுலர் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு மீடியம், ஆனால் 19 ரூபாய் கூடுதல். விலையை இந்த எண்களால் வகுத்தால் ரெகுலர் 4.88, மீடியம் 4.59, லார்ஜ் 4.14 வருகிறது. அப்படிப் பார்த்தால் லார்ஜ் 15 சதவீதம்தான் மலிவு. இதற்காக யாரும் பெரிசாக அலட்டிக்கொள்ள வேண்டாம்.

என்னை லார்ஜ் பக்கம் தள்ளியது ஓரம். சீஸும் டாப்பிங்கும் விளிம்புவரை போவதில்லை. சுற்றிலும் முக்கால் இன்ச் வெறும் ரொட்டி. பீட்சா சின்னதோ பெரிசோ, அந்த அகலம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு விட்டத்திலும் ஒன்றரை இன்ச் கழித்துவிட்டு மறுபடி வர்க்கம் போட்டுப் பாருங்கள். 5.5-க்கு 30.25, 8.5-க்கு 72.25, 11.5-க்கு 132.25. ரெகுலரில் 38 சதவீதம் ஓரத்துக்கே போய்விடுகிறது, லார்ஜில் 22 சதவீதம்தான். இப்போது விலையை வகுத்தால் 7.90, 6.35, 5.29. அதாவது டாப்பிங் இருக்கும் பகுதிக்கு, லார்ஜ் வாங்குபவரைவிட ரெகுலர் வாங்குபவர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கொடுக்கிறார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஓரத்தைத் தட்டிலேயே விட்டுவிடுவார்கள் என்பதால் எனக்கு இந்தக் கணக்குதான் கணக்கு. ஓரத்தையும் விரும்பிச் சாப்பிடுபவர்களுக்கு முதல் கணக்கே போதும்.

படத்தை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. லேமினேட் செய்த மெனுவில் விளக்கு வெளிச்சம் பட்டால் 12-ம் 13-ம் ஒன்றுபோலத் தெரியும். லார்ஜ் 12 இன்ச்தான் என்றால் வர்க்கம் 144, முதல் கணக்கில் 4.85. ரெகுலரின் 4.88-க்குப் பக்கத்தில் வந்துவிடும்! படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் கடையில் கேளுங்கள். பீட்சா வந்ததும் நடுவாக ஒரு ஸ்கேலை வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

மெல்லிய அடி உள்ள வகையில் ஓரம் குறுகலாக இருக்கும், வித்தியாசமும் குறையும். அதை நான் அதிகம் வாங்கியதில்லை. சதுர இன்ச்சுக்கு சீஸ் எல்லா அளவிலும் ஒரே மாதிரி போடுகிறார்களா என்று எடை போட்டுப் பார்த்ததும் இல்லை. ஜிஎஸ்டி எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம், அதனால் வரிசை மாறாது.

மீடியத்துக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தால் மட்டும் லார்ஜை விட்டுவிடுவேன். 459 ரூபாய்க்கு 200 கிடைக்கிறது, ஓரத்தைக் கழித்தாலும் 144.5, அதை 699 ரூபாய் லார்ஜால் தொட முடியாது.